ஆணிகள், ரப்பர் பேண்ட், 10,000 புள்ளிகள்: ஒரு கணக்கின் கதை

1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு பேர், ஒருவரையொருவர் சாராமல், ஏறக்குறைய ஒரே யுக்தியை எழுதி வெளியிட்டார்கள். ஒருவர் பெல் ஆய்வுக்கூடத்தின் கணித அறிஞர் ரொனால்ட் கிரஹாம். மற்றவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பொறியியல் பேராசிரியர் ஜாக் ஸ்க்லான்ஸ்கி. கிரஹாமின் முறை இன்றைக்கும் கணினிப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஸ்க்லான்ஸ்கியின் முறை தவறு என்று ஆறு ஆண்டுகள் கழித்துத் தெரிய வந்தது. யுக்தி ஒன்றுதான் என்றால் ஒன்று நின்றதும் மற்றது விழுந்ததும் ஏன்? வித்தியாசம் ஒரே ஒரு வேலையில் இருந்தது. அந்த வேலையின் பெயர் வரிசைப்படுத்துதல்.

கேள்வி என்ன?

ஒரு பலகையில் கண்டபடி ஆணிகள் அடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆணிகளையும் உள்ளடக்கும்படி ஒரு பெரிய ரப்பர் பேண்டை இழுத்து விட்டுவிட்டால் என்ன ஆகும்? அது சுருங்கி, வெளியோரத்தில் இருக்கும் சில ஆணிகளில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த ரப்பர் பேண்டின் வடிவத்துக்குத்தான் கணிதத்தில் குவி உறை என்று பெயர். உள்ளே எத்தனை ஆணிகள் இருந்தாலும் அவற்றுக்கும் உறைக்கும் சம்பந்தமில்லை. இந்த உறையில் எங்குமே உள்பக்கமாகக் குழிந்த இடம் இருக்காது. அதன் மேல் நடந்து போகிறவர் ஒவ்வொரு மூலையிலும் ஒரே பக்கமாகத்தான் திரும்புவார்.

ரப்பர் பேண்டுக்கு இது அரை நொடி வேலை. கணினிக்கு ரப்பர் பேண்ட் கிடையாது. அதனிடம் இருப்பது ஒவ்வொரு புள்ளிக்கும் x, y என்று இரண்டு எண்கள் மட்டுமே. பலகையை மேலிருந்து மொத்தமாகப் பார்க்க அதற்குக் கண் இல்லை. ஒரு நேரத்தில் இரண்டு, மூன்று எண்களை எடுத்து ஒப்பிட மட்டும்தான் முடியும்.

நேர்வழி ஒன்று உண்டு. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றை ஒரு கோட்டால் இணைக்கலாம். மீதிப் புள்ளிகள் எல்லாம் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தக் கோடு உறையின் ஒரு பக்கம், இல்லையென்றால் இல்லை. இது சரியான வழிதான். ஆனால் 7 புள்ளிகளுக்கே 21 ஜோடிகள் வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் மீதி 5 புள்ளிகளைச் சோதித்தால் 105 சோதனைகள். 10,000 புள்ளிகள் என்றால் சோதனைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 50,000 கோடி!

பெல் ஆய்வுக்கூடத்தின் 10,000 புள்ளிகள்

10,000 என்பது உதாரணத்துக்காக எடுத்த எண் அல்ல. 1960களின் இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலைக்கு ஏறக்குறைய 10,000 புள்ளிகளின் குவி உறை தேவைப்பட்டது. அப்போது அவர்களிடம் இருந்த முறை மேலே சொன்ன அளவுக்கு மோசமில்லை. புள்ளிகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கினால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு வேலை. ஆனால் 10,000ஐ 10,000 ஆல் பெருக்கினால் 10 கோடி. அன்றைய கணினிகளுக்கு அது தாங்காத பாரம். இந்தத் தேவைதான் கிரஹாமை யோசிக்க வைத்தது.

கிரஹாம் 1962 முதல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். கணிதத்துக்கு இணையாகப் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தையிலும் தேர்ந்தவர். சர்வதேச ஜக்லர்கள் சங்கத்தின் தலைவராகக்கூட இருந்திருக்கிறார். 2020ஆம் ஆண்டு காலமானார். குவி உறை பற்றி அவர் 1972இல் வெளியிட்ட கட்டுரை இரண்டே பக்கம். கணினியில் வடிவியல் கணக்குகளைச் செய்வதற்கென்று பின்னாளில் ஒரு தனித்துறையே வளர்ந்தது. அந்தத் துறையின் முதல் கட்டுரை என்று இந்த இரண்டு பக்கங்களைச் சொல்பவர்களும் உண்டு.

முதலில் அடுக்கு, பிறகு நட

கிரஹாமின் யோசனை இதுதான். உறைக்கு உள்ளே எங்காவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே நின்றுகொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாக ஒரு முழுச்சுற்று திரும்ப வேண்டும். எந்தப் புள்ளி முதலில் கண்ணில் படுகிறது, எது அடுத்து என்று கோண வரிசையில் எல்லாப் புள்ளிகளையும் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஒரே கோணத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தால் தூரத்தில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அந்த வரிசைப்படி புள்ளிகளை இணைத்தால் ஒரு மூடிய வடிவம் கிடைக்கும். அது உறை அல்ல. ரம்பத்தின் பல் மாதிரி உள்ளும் வெளியுமாகப் போய்வரும். அடுத்து, அந்த வடிவத்தின் மேல் நடக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று புள்ளிகளைப் பார்க்க வேண்டும். நடு புள்ளியில் இடப்பக்கம் திரும்பினால் சரி, முன்னே போகலாம். வலப்பக்கம் திரும்பினால் அங்கே ஒரு குழி இருக்கிறது என்று பொருள். குழியில் இருக்கும் புள்ளி உறையில் இருக்க முடியாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு அடி பின்னால் வந்து மறுபடி சோதிக்க வேண்டும்.

ஏன் பின்னால் வர வேண்டும்? ஒரு புள்ளியை நீக்கியதும், இதுவரை சரியாக இருந்த முந்தைய மூலை இப்போது குழியாக மாறியிருக்கலாம். ஆகவே அதையும் சோதிக்க வேண்டும். அதுவும் போனால் அதற்கும் முந்தையது. இந்த இடத்தில்தான் ஒரு சந்தேகம் வரும். இப்படி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தால் மொத்த வேலை எங்கே போய் முடியும்?

இதற்குப் பதில் ஒரு சரக்குப் பதிவேட்டில் இருக்கிறது. கிடங்குக்குள் ஒவ்வொரு மூட்டையும் ஒரே முறைதான் வரவு வைக்கப்படுகிறது. வெளியே போனால் ஒரே முறைதான் பற்று எழுதப்படுகிறது. போன மூட்டை திரும்பி வருவதில்லை. அப்படியானால் ஒரு நாளில் எத்தனை மூட்டை வெளியே போனாலும், வருடக் கடைசியில் மொத்தப் பதிவுகள் மூட்டைகளின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டாது. இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் ஒரு புள்ளி உள்ளே வருகிறது, அல்லது ஒரு புள்ளி நிரந்தரமாக வெளியே போகிறது. 10,000 புள்ளிகளுக்கு ஏறக்குறைய 20,000 சோதனைகளில் நடை முடிந்துவிடும்.

ஆக, நடை மலிவு. செலவெல்லாம் வரிசைப்படுத்துவதில்தான். நல்ல முறையில் 10,000 எண்களை வரிசைப்படுத்த ஏறக்குறைய 1.33 லட்சம் ஒப்பீடுகள் தேவை. 10 கோடி வேலை ஒன்றரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது!

வரிசை இல்லாமல் நடந்தவர்

ஸ்க்லான்ஸ்கியின் தேவை வேறு. அவர் படங்களை ஆராய்கிறவர். ஒரு படத்தில் உள்ள உருவம் எவ்வளவு குழிந்திருக்கிறது என்று அளக்க அவருக்குக் குவி உறை வேண்டியிருந்தது. உருவத்தின் ஓரக்கோடு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அந்தக் கோட்டில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகவே வருகின்றன. பிறகு எதற்கு மறுபடி வரிசைப்படுத்த வேண்டும்? நேரே நடக்க ஆரம்பித்துவிடலாமே! இடப்பக்கம் திரும்பினால் முன்னே போ, வலப்பக்கம் திரும்பினால் நீக்கிவிட்டுப் பின்னே வா. வரிசைப்படுத்தும் செலவே இல்லாமல் உறை கிடைத்துவிடும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1978இல் பைகட் என்பவர் ஓர் உருவத்தை வரைந்து காட்டினார். அந்த உருவத்துக்கு இந்த முறை தவறான விடை தந்தது.

எங்கே இடறியது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு நட்சத்திரம் போதும். பேனாவை எடுக்காமல் ஐந்து முனை நட்சத்திரம் வரைந்து பாருங்கள். ஐந்து முனைகளிலும் பேனா ஒரே பக்கமாகத்தான் திரும்புகிறது. இடப்பக்கமாக ஆரம்பித்தால் எல்லாமே இடப்பக்கம். ஒவ்வொரு மூலையாகச் சோதிக்கும் கணினி இதில் ஒரு குறையும் காணாது. எதையும் நீக்காமல், 'உறை தயார்' என்று நட்சத்திரத்தையே திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் நட்சத்திரத்தின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அது மையத்தை ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை சுற்றி வருகிறது. அது உறையே அல்ல.

அதாவது, எல்லா மூலைகளும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. நடந்த பாதை தன்னைத்தானே வெட்டாமலும் இருக்க வேண்டும். ஸ்க்லான்ஸ்கியின் உருவத்தில் ஆரம்பத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். ஆனால் நத்தை ஓடு மாதிரி உள்ளே சுருண்டு போகும் ஓரக்கோட்டில் ஒரு மூலையை நீக்கி, முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால், அந்தப் புதுக்கோடு உருவத்தின் வேறொரு பகுதியை வெட்டிக்கொண்டு போகலாம். மூன்று புள்ளிகளை மட்டும் பார்க்கும் சோதனைக்கு அது தெரியவே தெரியாது.

கிரஹாமின் முறையில் இந்த ஆபத்து வராது. அவருடைய புள்ளிகள் கோண வரிசையில் இருக்கின்றன. நடுவில் எதை நீக்கினாலும் மீதி அதே வரிசையில்தான் இருக்கும். பாதை எப்போதும் முன்னோக்கியே சுழல்கிறது, ஒரே ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. தன்னை வெட்டிக்கொள்ள அதற்கு வழியே இல்லை. வரிசைப்படுத்தியதற்குக் கொடுத்த விலை வேகத்துக்காக மட்டும் அல்ல. ஒரு மூலையில் செய்யும் சின்னச் சோதனையை முழு வடிவத்துக்கும் நம்பலாம் என்ற உத்தரவாதமும் அந்த விலைக்குள் அடங்கியிருந்தது. ஸ்க்லான்ஸ்கி சேமித்தது அந்த உத்தரவாதத்தைத்தான்.

அவர் கேட்ட கேள்வி மட்டும் வீண் போகவில்லை. ஓரக்கோடு கையில் இருக்கும்போது வரிசைப்படுத்தாமலே உறை காண முடியும் என்பதை 1979இல் மெக்கல்லம், ஏவிஸ் இருவரும் சரியான ஒரு முறையோடு காட்டினார்கள். அது ஸ்க்லான்ஸ்கி நினைத்ததைவிடச் சிக்கலானது. 1983இல் இதே கேள்விக்கு இன்னொரு தீர்வு தந்த இருவரில் ஒருவர் யார் தெரியுமா? கிரஹாமேதான்!

1979: கோணம் வேண்டாம், x போதும்

கிரஹாமின் முறையில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. முதலில் உள்ளே ஓர் இடம் தேட வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் கோணம் கணக்கிட வேண்டும். கோணக் கணக்கு கணினிக்கு நேரம் பிடிக்கும். தசமத்தில் பிழையும் வரும். பின்னால் வந்தவர்கள் உள்ளே இடம் தேடுவதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் புள்ளியையே மையமாக வைத்தார்கள். இன்றைய பாடப்புத்தகங்களில் கிரஹாம் முறை என்று வருவது பெரும்பாலும் இந்த வடிவம்தான்.

1979இல் ஏ. எம். ஆண்ட்ரூ ஒரு படி மேலே போய்க் கோணத்தையே தூக்கிவிட்டார். புள்ளிகளை இடமிருந்து வலமாக, x மதிப்பின்படி மட்டும் அடுக்கினால் போதும். x சமமாக இருந்தால் y சிறியது முதலில். பிறகு இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு ஒரு நடை. அதில் உறையின் கீழ்ப்பாதி கிடைக்கும். வலக்கோடியிலிருந்து திரும்பி ஒரு நடை. அதில் மேல்பாதி கிடைக்கும். இரண்டையும் ஒட்டினால் முழு உறை. ஒரே திசையில் போகும் பாதை தன்னை வெட்டிக்கொள்ளாது என்பதால் பழைய உத்தரவாதம் இங்கேயும் அப்படியே இருக்கிறது.

திருப்பத்தைச் சோதிக்கவும் கோணம் தேவையில்லை. மூன்று புள்ளிகளை 1, 2, 3 என்று வைத்தால் இந்த ஒரு கணக்கு போதும்:

```
(x2 - x1)*(y3 - y1) - (y2 - y1)*(x3 - x1)
```

விடை மிகை எண் என்றால் இடப்பக்கத் திருப்பம். குறை எண் என்றால் வலப்பக்கம். பூஜ்யம் என்றால் மூன்றும் ஒரே நேர்கோட்டில்.

ஏழு புள்ளிகளை வைத்துச் செய்து பார்க்கலாம். ஒரு கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது. x வரிசையில் ஏற்கெனவே அடுக்கிய புள்ளிகள்: அ(0,2), ஆ(1,1), இ(3,3), ஈ(4,0), உ(6,2), ஊ(7,6), எ(8,3).

முதலில் கீழ் நடை. அ, ஆ இரண்டையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து இ வருகிறது. அ, ஆ, இ மூன்றுக்கும் கணக்கு: 1*1 - (-1)*3 = 4. மிகை எண், இடப்பக்கம். இ உள்ளே வருகிறது.

அடுத்து ஈ. ஆ, இ, ஈ மூன்றுக்கும் விடை -8. வலப்பக்கம். இ வெளியேறுகிறது. ஒரு அடி பின்னால் வந்து அ, ஆ, ஈ என்று பார்த்தால் விடை 2. சரி. ஈ உள்ளே. இப்போது கையில் அ, ஆ, ஈ.

உ வரும்போது விடை 8, உள்ளே. ஊ வரும்போது விடை 6, அதுவும் உள்ளே. இப்போது கையில் அ, ஆ, ஈ, உ, ஊ. எல்லாம் நன்றாகப் போவதுபோல் இருக்கிறது.

கடைசியாக எ. உ, ஊ, எ மூன்றுக்கும் விடை -7. ஊ வெளியே. ஈ, உ, எ என்று பார்த்தால் விடை -2. உவும் வெளியே! ஆ, ஈ, எ என்று பார்த்தால் 13. எ உள்ளே. கீழ்ப்பாதி முடிந்தது: அ, ஆ, ஈ, எ.

பின்னால் வந்து மறுபடி சோதிப்பது ஏன் அவசியம் என்பது இந்த இடத்தில் தெரிகிறது. உ வந்தபோது அது நியாயமான மூலைதான். எ வந்து ஊவைத் தள்ளிய பிறகுதான் உ மேடான இடத்தில் நிற்பது வெளிப்பட்டது. ஊவை மட்டும் நீக்கிவிட்டு முன்னே போயிருந்தால் விடை தவறியிருக்கும்.

மேல் நடை இதே விதிதான், எவிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக. எ, ஊ, பிறகு உ உள்ளே வருகிறது (விடை 7). ஈ வந்ததும் உ வெளியேறுகிறது, இ வந்ததும் ஈ வெளியேறுகிறது. ஆ வரும்போது விடை 2, மயிரிழையில் உள்ளே. கடைசியில் அ வந்ததும் முதலில் ஆ (விடை -4), பிறகு இ (விடை -5) இரண்டும் வெளியே போகின்றன. மிச்சம்: எ, ஊ, அ.

இரண்டையும் ஒட்டினால் உறை அ, ஆ, ஈ, எ, ஊ. உள்ளே தங்கியவை இ, உ. கீழ் நடையில் 8 சோதனைகள், மேல் நடையில் 9, ஆக மொத்தம் 17. நேர்வழியில் 105 ஆகியிருக்கும். கீழ் நடையில் வெளியே தள்ளப்பட்ட ஊ, மேல் நடையில் உறையில் இடம் பிடித்துவிட்டதையும் கவனிக்கலாம். கீழ்ப்பாதியில் இல்லாதது மேல்பாதியில் இருக்கலாம் என்பதால்தான் இரண்டு நடை.

இவ்வளவையும் நிரலாக எழுதினால் இவ்வளவுதான் வரும்:

```
def turn(a, b, c):
    return (b[0]-a[0])*(c[1]-a[1]) - (b[1]-a[1])*(c[0]-a[0])

def half(pts):
    h = []
    for p in pts:
        while len(h) >= 2 and turn(h[-2], h[-1], p) <= 0:
            h.pop()
        h.append(p)
    return h[:-1]

def hull(pts):
    s = sorted(set(pts))
    if len(s) < 3:
        return s
    return half(s) + half(s[::-1])
```

இதில் `<= 0` என்ற இடத்தில் சமக்குறி முக்கியம். அது இருந்தால், உறையின் பக்கத்தில் நேர்கோட்டில் கிடக்கும் நடுப்புள்ளிகள் நீங்கி, மூலைகள் மட்டும் மிஞ்சும். `set` இரட்டைப் பதிவாக வந்த புள்ளிகளை ஒன்றாக்குகிறது. `h[:-1]` என்பது கடைசிப் புள்ளியை விட்டுவிடுகிறது. அது அடுத்த பாதியின் முதல் புள்ளியாக வரும் என்பதால் இரண்டு முறை எழுத வேண்டாம்.

வரிசைப்படுத்தாமல் தப்பிக்க முடியுமா?

செலவெல்லாம் வரிசைப்படுத்துவதில் என்றால், அதைத் தவிர்க்கும் வழி எதுவும் இல்லையா? சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்குப் பொதுவாக இல்லை. காரணம் அழகானது. 5, 2, 8 என்று சில எண்களை வரிசைப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் அதன் வர்க்கத்தோடு சேர்த்துப் புள்ளியாக்கினால் (5,25), (2,4), (8,64). இந்தப் புள்ளிகள் எல்லாம் கிண்ணம் போன்ற ஒரு வளைகோட்டின் மேல் உட்காரும். கிண்ணத்தில் குழி கிடையாது. ஆகவே எல்லாப் புள்ளிகளும் உறையில் இருக்கும். உறையைச் சுற்றி நடந்தால் 2, 5, 8 என்று எண்கள் வரிசையாகவே வந்துவிடும். அதாவது உறையை வரிசைப்படுத்துவதைவிட மலிவாகக் காண முடியுமானால், அதே வழியில் எண்களையும் மலிவாக வரிசைப்படுத்திவிடலாம். ஒப்பீடுகளால் வரிசைப்படுத்துவதற்குக் குறைந்தபட்ச விலை உண்டு என்பது ஏற்கெனவே நிறுவப்பட்டது. அந்த விலையை உறையும் கொடுத்தே ஆக வேண்டும். உறைப்புள்ளிகள் எவை என்று மட்டும் சொன்னால் போதும், வரிசை வேண்டாம் என்றாலும் இந்த விலை குறையாது என்று 1981இல் ஆண்ட்ரூ யாவ் நிறுவினார்.

ஆனால் இது எல்லாப் புள்ளிகளும் உறையில் இருக்கும் மோசமான நிலைமைக்கான விலை. உறையில் சில புள்ளிகள் மட்டும் இருந்தால்? 1973இல் ஜார்விஸ் வெளியிட்ட முறை, பரிசுப் பொட்டலத்துக்குத் தாள் சுற்றுவது மாதிரி, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலையை எல்லாப் புள்ளிகளையும் பார்த்துத் தேடும். மூலைகள் எத்தனையோ அத்தனை சுற்று. 10,000 புள்ளிகளில் 10 மூலைகள் என்றால் 1 லட்சம் வேலைதான், வரிசைப்படுத்துவதைவிடக் குறைவு. புள்ளிகள் எல்லாம் ஒரு வட்டத்தின் மேல் இருந்தாலோ மறுபடியும் 10 கோடி. ஒரு சதுரத்துக்குள் சீராகத் தூவிய 10,000 புள்ளிகளுக்குச் சராசரியாக 24 மூலைகள் வரும். அப்போது ஆண்ட்ரூவின் முறையே முந்துகிறது.

இரண்டிலும் நல்லதைச் சேர்த்த முறை 1986இல் கிர்க்பாட்ரிக், சைடல் இருவரிடமிருந்து வந்தது. இதுதான் இறுதியான முறையா என்று அந்தக் கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விக்குறியோடு கேட்டது. பத்து ஆண்டுகள் கழித்து 1996இல் டிமதி சான் அதே வேகத்தில் இன்னும் எளிய முறை ஒன்றைத் தந்தார். அது என்ன? புள்ளிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் கிரஹாம் முறையில் உறை கண்டு, அந்தச் சிறு உறைகளைச் சுற்றி ஜார்விஸ் முறையில் தாள் சுற்றுவது! 1972உம் 1973உம் கைகோத்துக்கொண்டன.

கணக்கு சரி, எண்கள் தவறு

முறை சரியாக இருந்தும் விடை தவறும் இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது திருப்பச் சோதனை. அங்கே விடையின் அளவு முக்கியமில்லை, மிகையா குறையா என்பது மட்டும்தான் முக்கியம். மூன்று புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருந்தால் விடை பூஜ்யத்தை ஒட்டி வரும். கணினி தசமங்களை ஓரளவுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. அந்தச் சின்னப் பிழை போதும், மிகை குறையாக மாற. 2004இல் கெட்னர், மெல்ஹார்ன் முதலானோர் வேறொரு எளிய உறை நிரலை எடுத்து, தெளிவாக வெளியே இருக்கும் புள்ளியைக்கூட அது விட்டுவிடும்படி எண்களைத் தேர்ந்தெடுத்துக் காட்டினார்கள்.

முழு எண்களுக்கு இந்தப் பிழை இல்லை. ஆனால் அவை பெரிதானால் வேறு சிக்கல். 32 பிட் எண்கள் பயன்படுத்தும் மொழியில், புள்ளிகளுக்கிடையே 40,000 அளவு இடைவெளி இருந்தால் ஒரு பெருக்கல் 160 கோடியைத் தொடும். இரண்டு பெருக்கல்களின் வித்தியாசம் 320 கோடி வரை போகலாம். அந்த இடத்தின் கொள்ளளவோ ஏறக்குறைய 214 கோடி. நிரம்பி வழிந்து குறி மாறிவிடும். 64 பிட்டுக்கு மாறினால் தீர்ந்தது.

விடை சரிதானா என்று கண்டுபிடிப்பது எளிது. கிடைத்த உறையை ஒரு முறை சுற்றி வந்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும். எல்லா மூலைகளிலும் இடப்பக்கம்தானா? ஒரே ஒரு சுற்றுதானா? எல்லாப் புள்ளிகளும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடப்புறம்தானா? நட்சத்திரம் முதல் கேள்வியில் தேறிவிடும். இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்ளும்.